கோடிசில் எழுதும் முன் பழைய உயிலைப் படியுங்கள்: பத்திர எழுத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பத்திர எழுத்தர்களுக்கு,

வணக்கம். சார்பதிவக வாசலில் உங்களோடு பல வருடம் பழகிய வக்கீல் குமாஸ்தா நான். காலையில் டோக்கன், மதியம் சர்வர் கோளாறு, நடுவில் பத்துப் பேர் நின்று அவசரப்படுத்துவது எல்லாம் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் என் அத்தையின் உயிலைத் திருத்த எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கோடிசில் இப்போது சார்பு நீதிமன்றத்தில் கிடக்கிறது. எழுதியவர் யார், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஒருவரைக் குறை சொல்லி முடித்துவிடும் விஷயம் இல்லை இது. இதே மாதிரி வாசகத்தை நான் வேறு கட்டுகளிலும் பார்த்துவிட்டேன்.

அத்தை 2009-ல் முறையாக ஓர் உயில் எழுதிப் பதிவு செய்திருந்தார். சுய சம்பாத்தியமான வீடு மகனுக்கு. இரண்டு ஏக்கர் நஞ்சை மகளுக்கு. கடைசிப் பத்தியில், "இதில் சொல்லாத என் மற்ற சொத்துக்கள் எல்லாம் மகனுக்கே" என்று ஒரு வரி. அன்றைக்கு அந்த வரியில் தப்பில்லை, ஏனென்றால் அன்றைக்கு மற்ற சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை.

2017-ல் ஒரு ஏக்கரை விற்றார். வந்த பணத்தில் வைத்தியத்துக்குப் போக மீதியை வங்கியில் டெபாசிட் போட்டார். மகளின் பங்கு பாதியாகிவிட்டதே என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. அதைச் சரிக்கட்ட வீட்டு மாடியை மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று 2019-ல் முடிவு செய்தார். அப்போது மகள் வீட்டில் தங்கியிருந்ததால் அந்த ஊர் பத்திர எழுத்தரிடம் போனார். "உயிலையே மாற்ற வேண்டாம்மா, ஒரு கோடிசில் போதும்" என்று சொல்லி அன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட்டார். அதன் உயிர் வாசகம் இதுதான்: "நான் முன்னர் எழுதி வைத்த உயிலில் கண்ட எனது வீட்டின் மாடிப் பகுதியை என் மகள் அடைந்து கொள்ள வேண்டியது. மற்றபடி உயில் அப்படியே செல்லத்தக்கது."

அத்தை 2022-ல் காலமானார். அதன்பிறகு நடப்பதைக் கேளுங்கள்.

அந்த வீட்டில் மாடிக்கு வெளிப்படி கிடையாது. கூடத்துக்குள் நுழைந்து, சாமி அறையைத் தாண்டி, சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும் உள்படி வழியாகத்தான் ஏற வேண்டும். கீழ்த்தளம் உயில்படி மகனுடையது. படிக்கட்டைப் பற்றிக் கோடிசிலில் ஒரு சொல் இல்லை. நடைவழி இல்லை. குடிநீர் இணைப்பு, மின் மீட்டர் இல்லை. மனையில் பிரிபடாத பாகம் உண்டா என்பதும் இல்லை. மாடிக்கு அளவு இல்லை, எல்லை இல்லை. மொட்டை மாடி யாருக்கு என்றும் இல்லை. தன் மாடிக்குப் போக வேண்டுமானால் அத்தை மகள் தம்பி வீட்டுக் கதவைத் தட்டி, தம்பி மனைவி திறக்கும் வரை வாசலில் நிற்க வேண்டும். இப்போது கூடத்துக் கதவு பூட்டியிருக்கிறது. அம்மா எழுதிக் கொடுத்த மாடியைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் பஸ் ஏறிப் போகிறார்.

உயிலின் 3-ம் பத்தி "வீடு முழுவதும் மகனுக்கு, சர்வ சுதந்திர பாத்தியத்துடன்" என்கிறது. அந்தப் பத்தியைத் திருத்துவதாகக் கோடிசில் சொல்லவே இல்லை. மாறாக "மற்றபடி உயில் அப்படியே" என்கிறது. அப்படியானால் மகளுக்குக் கொடுத்தது வெறும் குடியிருக்கும் உரிமைதான் என்பது மகன் தரப்பு வாதம். ஒன்றோடொன்று சேர்ந்து நிற்க முடியாத இரண்டு வாசகங்கள் இருந்தால் பின்னால் வருவதுதான் செல்லும் என்ற இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 88-வது பிரிவை மகள் தரப்பு காட்டுகிறது. யார் சொல்வது சரி என்று நீதிமன்றம் சொல்லும். இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அங்கே போகவே வேண்டியிருக்காது.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது, அது வெளியே தெரியவே இல்லை. விற்ற ஒரு ஏக்கர் அத்தையின் கையில் இல்லாததால் அந்த அளவுக்கு மகளின் பங்கு விழுந்துவிட்டது. சரி, விற்ற பணம்? அது டெபாசிட்டாக இருக்கிறது. உயிலில் டெபாசிட்டைப் பற்றிப் பேச்சு இல்லை. ஆகவே அது "மற்ற சொத்துக்கள் எல்லாம் மகனுக்கே" என்ற கடைசிப் பத்திக்குள் போய் விழுகிறது. மகளுக்கென்று வைத்த நிலம் பணமாக மாறி மகனிடம் சேர்கிறது, அதையும் "மற்றபடி உயில் அப்படியே" என்று கோடிசிலே உறுதி செய்து கொடுக்கிறது. பாக்கியைச் சரிக்கட்ட வந்த அம்மாவின் கையாலேயே மகளுக்கு இன்னொரு பாக்கி விழுந்தது. பழைய உயிலைக் கையில் வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காதா?

அதனால்தான் கேட்கிறேன்: பழைய உயிலைப் படிக்காமல் கோடிசில் எழுதாதீர்கள்.

கோடிசிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் அதை உயிலின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. அதற்கு உரிய வேலை உண்டு. உதாரணமாக, நிறைவேற்றுநராகப் போட்டிருந்த தம்பி இறந்துவிட்டார், வேறொருவரை நியமிக்க வேண்டும். அல்லது கதவு எண் மாறிவிட்டது, பேத்திக்கு ஒரு சங்கிலி தர வேண்டும். இதற்கெல்லாம் கோடிசில் போதும். ஆனால் அதை இப்படி எழுத வேண்டும்: "12.6.2009 தேதியிட்டு, இன்ன சார்பதிவகத்தில் 3-ம் புத்தகம், இன்ன எண் ஆவணமாகப் பதிவான என் உயிலின் 6-ம் பத்தியில் என் தம்பி இன்னாரை நிறைவேற்றுநராக நியமித்திருந்ததை ரத்து செய்து, அவருக்குப் பதிலாக என் மருமகள் இன்னாரை நியமிக்கிறேன். மற்ற பத்திகளில் மாற்றமில்லை." எந்த உயில், எந்தப் பத்தி, எது போகிறது, எது வருகிறது என்ற நான்கும் அதில் இருக்கின்றன. அத்தையின் கோடிசிலில் உயிலின் தேதி கூட இல்லை. உயில் ஓர் ஊரில் பதிவானது, கோடிசில் வேறோர் ஊரில். வில்லங்கச் சான்றில் உயில் வராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்ணையும் எழுதாமல் விட்டால் இரண்டையும் யார் சேர்த்துப் பார்ப்பது?

சாட்சிகள் விஷயமும் இருக்கிறது. கோடிசில் ஒரு பக்கம்தான் என்றாலும் உயிலுக்கு உண்டான 63-வது பிரிவுச் சடங்கு முழுவதும் அதற்கும் உண்டு. எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட்டதைப் பார்த்த அல்லது அது தன் கையெழுத்து என்று அவரே சொல்லக் கேட்ட சாட்சிகள் இரண்டு பேர், அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்துவிட்டோமே என்பது நீதிமன்றத்தில் போதாது. உயிலையும் தனியாக நிரூபிக்க வேண்டும், கோடிசிலையும் தனியாக நிரூபிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவரையாவது இரண்டுக்கும் கூண்டில் ஏற்ற வேண்டும். அத்தையின் கோடிசிலில் சாட்சிகள் அந்த எழுத்தரின் கடையில் வேலை பார்க்கும் இருவர். தினமும் பலருக்குக் கையெழுத்துப் போடுகிற அவர்களில் ஒருவர், "அந்த அம்மாவை எனக்கு ஞாபகம் இல்லை" என்று குறுக்கு விசாரணையில் சொல்லிவிட்டார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாதவரைச் சாட்சியாக உட்கார வைக்கும் வழக்கத்தின் மேல்தான் கோபம். இன்னொருவருடைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அச்செடுக்கும் வழக்கத்தின் மேலும்தான். கிரயப் பத்திரத்தில் தப்பு வந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட இரண்டு தரப்பும் உயிரோடு இருக்கும். உயிலில் வரும் தப்பு தெரியும்போது எழுதியவரே இருக்க மாட்டாரே ஐயா.

அப்போது எது பாதுகாப்பு? யாருக்கு என்ன பங்கு என்பதிலேயே கை வைக்க வேண்டியிருந்தால், உயிலில் கண்ட சொத்து விற்கப்பட்டோ பாகப்பிரிவினையாகியோ இருந்தால், பயனாளி ஒருவர் இறந்திருந்தால், ஏற்கெனவே ஒரு கோடிசில் இருந்தால், புது உயில்தான். அத்தைக்கும் அதுதான் பொருந்தும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது, ஆகவே செலவைக் காரணமாகச் சொல்லவும் இடமில்லை. வீட்டை மேல், கீழ் என இரண்டு ஷெட்யூலாகப் பிரித்து, படிக்கட்டைப் பொதுவில் வைத்து, மனையில் பாகம் சொல்லி, மீதமுள்ள ஒரு ஏக்கரைச் சொல்லி, டெபாசிட் யாருக்கு என்று தனிப் பத்தி போட்டிருந்தால் மூன்று பக்கம் வந்திருக்கும்.

புது உயிலிலும் ஓர் எச்சரிக்கை தேவை. "முதலில் பழையதை ரத்து செய்துவிடுங்கள், புதிதை அப்புறம் எழுதலாம்" என்று சொல்லி ரத்துப் பத்திரத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்கிறீர்கள். இடையில் அவர் இறந்துவிட்டால் உயிலே இல்லாத சொத்தாகிவிடும். பழையதன் தேதி, எண் சொல்லி, "அதையும் அதன் கோடிசில்களையும் ரத்து செய்கிறேன்" என்ற வரியைப் புது உயிலுக்குள்ளேயே வையுங்கள். பழைய அசலைக் கிழிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்குப் புதியது நிரூபணமாகாமல் போனால் அதிலுள்ள ரத்து வரியும் சேர்ந்து விழும், பழைய உயில்தான் காப்பாற்றும். எழுதுகிறவருக்கு வயதாகி உடம்பும் தளர்ந்திருந்தால், அவரைப் பார்த்துவரும் மருத்துவரையே ஒரு சாட்சியாகக் கேளுங்கள். பங்கு கூடப்போகிற பிள்ளையை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசுங்கள். பயனாளியே முன்னின்று எழுத வைத்த உயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

கொஞ்சம் சூடாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். யாராவது கோடிசில் வேண்டும் என்று வந்தால், பழைய உயிலைக் கொண்டு வரச் சொல்லுங்கள். அசல் கையில் இல்லையென்றால், உயிரோடு இருக்கும்வரை 3-ம் புத்தகத்து நகலை எழுதியவரோ அவருடைய முகவரோதான் வாங்க முடியும், எனவே அவரையே மனு போடச் சொல்லுங்கள். வந்த நகலைக் கடைசிப் பத்தி வரை படித்து, உயிலில் உள்ள சொத்துகளில் இன்று எது கையில் இருக்கிறது, எது இல்லை என்று அவரிடமே கேட்டுவிட்டு, அப்புறம் கோடிசிலா புது உயிலா என்று முடிவு செய்யுங்கள். அதற்காக அவரை இன்னொரு நாள் வரச் சொல்ல நேர்ந்தாலும் பரவாயில்லை. இதை உங்கள் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு பழகிய ஒரு வக்கீல் குமாஸ்தா