உதவிச் செயலியின் நினைவகத்தை வடிவமைக்கும் குழுவினருக்கு: காலாவதிக் கணக்கைத் திருத்துங்கள்

வணக்கம்.

"பழைய தகவல்கள் 90 நாளில் தானாக நீங்கிவிடும்" என்று என் புகாருக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். நீங்கவில்லை.

என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்தது. அதை ஜனவரியில் உங்கள் உதவிச் செயலியிடம் சொல்லி வைத்தேன். ஏப்ரலில் அம்மா இறந்துவிட்டார், அதையும் சொன்னேன். ஆகஸ்டில் அந்த வாரத்துக்கு அட்டவணை கேட்டபோது, செவ்வாய், வியாழன், சனி காலைகளில் "அம்மாவின் டயாலிசிஸ்" என்று போட்டுக் கொடுத்தது. அதைப் பார்த்த பிறகு அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

என் தரவைப் பதிவிறக்கிப் பார்த்தேன்.

```
fact: "அம்மாவுக்கு செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்"
confirmed_at: 2025-01-12
last_used_at: 2025-08-03
expires_at: 2025-11-01
```

கோளாறு இங்கேயே தெரிகிறது. நான் கடைசியாகச் சொன்னது ஜனவரி 12. ஆனால் 90 நாளை நீங்கள் எண்ணுவது, செயலி அதைக் கடைசியாக எடுத்துப் படித்த நாளிலிருந்து. நான் அட்டவணை கேட்கும்போதெல்லாம் செயலி அந்த வரியைப் படிக்கிறது, படித்ததும் அதன் ஆயுள் இன்னும் 90 நாள் கூடுகிறது. நான் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை அது சாகாது. காலக்கெடுவை `confirmed_at`-இலிருந்து எண்ணுங்கள். செயலி படித்தது என்பது நான் உறுதிசெய்தது ஆகாது.

அதே பட்டியலில் எனக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்ற வரியைக் காணவில்லை. அதை யாரும் படிக்கவில்லை, அதனால் 90 நாளில் போய்விட்டது. அவ்வளவு சீக்கிரம் மாறாததை அழித்துவிட்டு, முடிந்துபோனதைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வாமைக்குக் காலக்கெடுவே வேண்டாம், நானே நீக்கும்வரை இருக்கட்டும். சிகிச்சை அட்டவணைக்குச் சில வாரங்கள் போதும், கெடு முடிந்தால் "இது இன்னும் தொடர்கிறதா?" என்று ஒருமுறை கேட்கட்டும்.

கெடுவை மட்டும் திருத்தினாலும் போதாது. அம்மா இறந்த செய்தி தனி வரியாக, பத்திரமாக இருக்கிறது. ஆனால் அட்டவணை கேட்டால், கேள்விக்கு நெருக்கமான வரிகளைத்தான் உங்கள் தேடல் எடுக்கிறது. கிழமைகள் உள்ள டயாலிசிஸ் வரி முந்திக்கொள்கிறது, இறப்புச் செய்தி மேலே வருவதே இல்லை. ஆகவே செயலி வரிகளைப் படிக்கும் நேரத்துக்கு இதை விடாமல், புதிய வரியை எழுதும் நேரத்திலேயே தீர்க்க வேண்டும். புதிய செய்தி வந்ததும் அதே நபரைப் பற்றிய பழைய வரிகளை எடுத்து ஒப்பிட்டு, பொருந்தாததை அன்றைக்கே முடித்துவையுங்கள். அப்புறம், "சனி காலையில் பயணம் வேண்டாம்" என்று செயலி தானாக ஊகித்த வரியும் இருந்தது. ஊகம் எந்த வரியிலிருந்து பிறந்தது என்ற குறிப்பு இருந்தால், மூல வரி போகும்போது அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

என் கணக்கில் மட்டும் அந்த வரியை அழித்துவிட்டு, சரிசெய்துவிட்டோம் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அதை நானே அழித்துவிட்டேன். நான் கேட்பது விதியை மாற்றச் சொல்லி: நாள் எண்ணிக்கை நான் சொன்ன தேதியிலிருந்து தொடங்கட்டும். எப்போது மாற்றுவீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.