பால்கோவாவுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாகப் பால்கோவா கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். எங்கள் வீட்டம்மா விறகடுப்பில் பால்கோவா கிண்டுவதை ஒரு தம்பி படம் பிடித்துப் போட்டார். ஒரே வாரத்தில் 600 கிலோவுக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. இருக்கிறதா என்று கேட்காமலே பலர் ஜிபேயில் பணமும் அனுப்பிவிட்டீர்கள். "எப்போ வரும்?" என்று கேட்கிறீர்கள். கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாணலிக்கு 10 லிட்டர் பால், ஒன்றேகால் கிலோ சர்க்கரை. பாலில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி வற்றி இறக்கும்போது கிடைப்பது மூன்றரை கிலோ. அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று அடுப்பு, காலைப் பாலில் இரண்டு ஈடு, மாலைப் பாலில் இரண்டு ஈடு. ஆக, நாளுக்கு 40 கிலோவை ஒட்டி வரும். அதில் 25 கிலோ கடையிலேயே போய்விடும். ஆண்டாளைச் சேவித்துவிட்டு வருகிறவரை "பார்சலுக்கு வைத்திருக்கிறேன்" என்று திருப்பி அனுப்ப எனக்கு மனசில்லை. மிச்சம் 15 கிலோதான் உங்களுக்கு. 600 கிலோ முடிய 40 நாள் ஆகும்.

பெரிய வாணலி வாங்கலாமே என்கிறார்கள். பால் இரண்டு மடங்கானால் வற்றும் நேரமும் நீளும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும்; கருகல் வாடை ஏறிவிட்டால் அந்த ஈடு முழுக்க வீண். முன்கூட்டியே செய்து அடுக்கவும் முடியாது, வெளியில் ஒரு வாரம்தான் தாங்கும்.

இன்னொரு வழியோடு ஒரு புரோக்கர் வந்தார். "அண்ணாச்சி, சரக்கு நான் தர்றேன், டப்பா மட்டும் உங்களது." விலை, எங்களுக்குப் பாலுக்கே ஆகும் செலவைவிடக் குறைவு. சாம்பிளில் கொஞ்சம் எடுத்து வெந்நீரில் கரைத்து, ஆறியதும் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். நீலமாகிவிட்டது. மாவு! சுத்தமான பால்கோவாவில் அந்த நிறம் வராது. வாயில் போட்டாலே தெரியும்: நம்முடையது மணல்மணலாகக் கரையும், அது பசையாக அண்ணத்தில் ஒட்டியது. புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பெயரை அந்த டப்பாவில் எப்படி ஒட்டுவது?

அதனால், பணம் வந்த வரிசைப்படி முதல் 150 கிலோவை 10 நாளில் அனுப்புகிறேன். மற்றவர்களுக்கு இந்த வாரமே பணம் திரும்ப வந்துவிடும். கூரியர் போய்ச்சேர நான்கைந்து நாள் ஆகும் வடமாநில ஆர்டர்கள் முன்வரிசையில் இருந்தாலும் எடுக்கவில்லை. உங்கள் கைக்கு வரும்போது பூசணம் பூத்திருந்தால் இருவருக்கும் நஷ்டம். ஆடிப்பூரத் தேர் வாரத்தில் பார்சலே கிடையாது.

வீட்டம்மாவோடு போட்டோ எடுக்க வருகிறவர்கள் காலை 10 மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் அவரால் துடுப்பைக் கீழே வைக்க முடியாது.

இப்படிக்கு,
கடைக்காரர்