அக்கிக்கு 3 நாள் கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். அக்கிக் கொப்புளத்தின் மேல் காவி மண்ணைக் குழைத்து எழுதும் வழக்கம் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், அக்கி எங்கிருந்து வருகிறது என்பது விடுபட்டுவிட்டது.

சின்ன வயதில் சின்னம்மை வார்த்து, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியதோடு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தின் இருபுறமும், மூளையின் அடியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அதிலிருந்து கிளம்பும் நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. அக்கி ஒரே பக்கத்தில் பட்டையாக ஓடி, நடுக்கோட்டில் நின்றுவிடுவது இதனால்தான். பக்கத்து வீட்டு அக்கியிலிருந்து நமக்கு அக்கி தொற்றாது. ஆனால் அந்தக் கொப்புள நீர், அம்மை வராத குழந்தைக்கு அம்மையைத் தரும்.

பாலக்கோட்டில் தக்காளி பறிக்கும் 60 வயதுக்காரர் ஒருவரை வைத்துப் பாருங்கள். சனிக்கிழமை இடது விலாவில் எரிச்சலும் குத்தலும். தோலில் ஒன்றும் தெரியாது, வாயு என்பார்கள். இதயமா என்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. திங்கள் காலை அதே இடத்தில் சிவந்து தடிக்கிறது, மாலைக்குள் நீர்க்கொப்புளம். கணக்கு தொடங்குவது வலியிலிருந்து அல்ல, இந்தத் திங்கள் காலையிலிருந்து. வியாழன் காலைக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என ஐந்து வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு ஆகாது. மருத்துவர்தான் குறைத்துத் தர வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கடையில் களிம்பு மட்டும் வாங்கித் தடவுவது வீண், கிருமியின் வேலை நடப்பது நரம்புக்குள்.

மூன்று நாள் காவி எழுதி முடிக்கும்போது வியாழன் வந்துவிடுகிறது. எழுதினால் ஆறுகிறதே என்பார்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் கொப்புளம் 7 முதல் 10 நாளில் பொருக்குத் தட்டத்தான் செய்யும். நரம்பு பட்ட அடி அப்படி ஆறுவதில்லை. பொருக்கு உதிர்ந்த பிறகும் சட்டை உரசினால் தீப்பட்டதுபோல மாதக்கணக்கில் வலிக்கும். வயது கூடக்கூட இந்த வலி வரும் வாய்ப்பும் கூடும். காவிப் பூச்சுக்கடியில் கொப்புளம் சீழ் பிடித்தாலும் வெளியே தெரியாது.

வியாழன் தாண்டிவிட்டாலும் புதிய கொப்புளம் வந்துகொண்டிருந்தால் மாத்திரை தொடங்கலாம். நெற்றியில் வந்தால் மட்டும் நாளெண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் போதும்: மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்புக் கிளை. அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டாவிட்டால் பார்வையே போகலாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
தருமபுரி