வேர்க்கடலைக் கணக்கு

பள்ளிப்பட்டு
ஐப்பசி 4

அன்புள்ள தணிகைக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். மழை இரண்டு நாளாகப் பிடித்திருக்கிறது, கொசஸ்தலையில் தண்ணீர் போகிறது. செவலை கன்று போட்டது, கிடாரி.

ஆடிக் கிருத்திகைக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் உட்கார்ந்து, கடலையில் ஏக்கருக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டாய். முப்பத்திரண்டாயிரம் என்று சொன்னேன். நீ உடனே அதை செல்போனில் ஏதோ பெருக்கிப் பார்த்தாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ சரியாகப் பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசுகிறாய். உன் அக்கா ஏதோ சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. கணக்கை மட்டும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, அவசரப்படாதே.

மார்கழியில் விதைத்து சித்திரையில் பிடுங்கிய கிணற்றுக் கொல்லையின் கணக்கு இது. கதிரி 6 ரகம். பில்லெல்லாம் உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

முதலில் வரவு. வியாபாரி கொடுத்த துண்டுச்சீட்டில் கடைசி வரி 56,000. அதை வரவு என்று எடுத்துக்கொள்ளாதே. 25 மூட்டை, மூட்டை 2,700, ஆக 67,500. கமிஷன், ஏற்றுக்கூலி இரண்டும் சேர்த்து மூட்டைக்கு 60 வீதம் 1,500 கழிந்தது. மீதி 66,000, இதுதான் வரவு. அடுத்து அவர் கழித்த 10,000, விதைப்புக்கு நான் வாங்கிய முன்பணம். அது விதைப்புக் கூலியாகவும் களைக் கூலியாகவும் செலவில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. 56,000-ஐ வரவில் வைத்தால் அந்தப் பத்தாயிரத்தை இரண்டு தடவை கழித்ததாக ஆகிவிடும். நானே ஒரு வருஷம் அப்படிப் போட்டு, நஷ்டம் என்று நினைத்து அம்மாவைத் திட்டியிருக்கிறேன்.

முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். இருக்கிறது. வாங்கினால் அவரிடம்தான் போட வேண்டும், அவர் 42 கிலோ நிறுத்துக்கொண்டு 40 கிலோ மூட்டைக்குக் காசு தருவார். 2,700-ஐ நாற்பதால் வகுத்தால் குவிண்டால் 6,750 வருகிறது. 2024-25க்கு சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை 6,783, கிட்டத்தட்ட அதையே கொடுத்துவிட்டார் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 42 ஆல் வகுத்துப் பார், 6,429தான். விலையைக் கேட்காதே, எத்தனை கிலோவுக்கு என்று கேள்.

இனி செலவு, நோட்டில் இருந்தபடி. விதைப்பருப்பு 40 கிலோ, கிலோ 130, ஆக 5,200. டிராக்டர் 4,800. கூலி ஆள் விதைக்க, இரண்டு களைக்கு, பிடுங்கிக் காய் ஆய என்று 62 ஆள், 300 வீதம் 18,600. டிஏபி 2 மூட்டை, ஜிப்சம் 4 மூட்டை, மருந்து எல்லாம் சேர்த்து 5,600. மொத்தம் 34,200. 66,000-இல் போக மீதி 31,800. நான் சொன்ன முப்பத்திரண்டு இதுதான்.

ஆனால் அது ஏக்கருக்கு இல்லையப்பா. கிணற்றுக் கொல்லை ஒரு காணி. 132 சென்ட். நாம் காணியிலேயே பேசிப் பழகியதால் வாயில் ஏக்கர் என்று வந்துவிட்டது. 1.32 ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 24,091. நீ பெருக்கிப் பார்த்தது தப்பான எண்.

அதுவும் முடிவு இல்லை. விதை 80 கிலோ போட்டோம். மீதி 40 கிலோ வீட்டில் எடுத்து வைத்திருந்தது. காசு கொடுக்கவில்லை என்று நோட்டில் ஏறவில்லை. விதைக்காமல் இருந்தால் விற்றிருப்போம், அதனால் அதற்கும் 5,200. எருவையும் கடலைக்கொடியையும் நான் சேர்க்கவில்லை. எரு நம் மாட்டுடையது, கொடி அந்த மாட்டுக்கே போயிற்று, ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போகட்டும்.

அப்புறம் தண்ணீர். நோட்டில் தண்ணீர் என்று எழுதி எதிரில் கோடு போட்டிருப்பேன். கரண்ட் இலவசம், ஆகையால் செலவு இல்லை என்று. நீயும் அதைப் பார்த்திருப்பாய்.

தணிகை, இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். தை கடைசியில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. செடிக்கு ஐம்பது நாள். ஜிப்சம் போட்டு மண் அணைத்து, விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம். அந்த நேரம் தரை இறுகினால் விழுது உள்ளே போகாது, போனதும் பொக்காகத்தான் நிற்கும். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். விழுதெல்லாம் மண்ணைத் தொடாமல் ஊசி மாதிரி தொங்கியது, நுனி கருகத் தொடங்கியிருந்தது. பொங்கலுக்கு என் கண்ணுக்காக நீ அனுப்பிய பதினைந்தாயிரம் பீரோவில் இருந்தது. மோட்டாரைத் தூக்க, காயில் கட்ட, கேபிள் மாற்ற எல்லாம் அதில்தான் ஆயிற்று. புரை இன்னும் முற்றவில்லை, பொறுக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக உன்னிடம் சொன்னேனே, அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. அம்மாவையும் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டேன்.

பிள்ளையிடம் பொய் சொல்லி வாங்கிய தண்ணீரை இலவசம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த 15,000 முழுவதையும் கடலை மேல் போடுவது நியாயம் இல்லை. கட்டிய காயில் மூன்று போகமாவது ஓடும், அதனால் இந்தப் போகத்துக்கு 5,000 வைத்தேன். விதைக்கு 5,200, மோட்டாருக்கு 5,000 இரண்டையும் 31,800-இல் கழித்தால் காணிக்கு 21,600, ஏக்கருக்கு 16,364.

நீயும் மருமகளும் மாச வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இது நாலு மாதத்துக்கு.

இதிலும் எங்கள் கூலி இல்லை. ஆதரவு விலைக்குக் கணக்குப் போடுகிறவர்கள்கூட கைக்காசுச் செலவைத் தனியாகவும், அதோடு வீட்டு ஆள் உழைப்பைச் சேர்த்துத் தனியாகவும், நிலத்துக்கு வாடகை வைத்து இன்னொன்றும் போடுகிறார்கள். நான் வாடகை வரை போகவில்லை. அம்மா 22 நாள், 300 வீதம் 6,600. நான் 24 நாள், ஆண் கூலி 500 வீதம் 12,000. கழித்தால் காணிக்கு 3,000 நிற்கிறது.

நிலம் மோசம் என்று எழுதவில்லை. இதை வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன், உன் பெயர் அந்த ஆபீஸ் கதவில் இருக்கிற போட்டோவை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். நீ எங்கே இருந்தாலும் பில்லைப் பத்திரமாக வை. காணியை ஏக்கர் என்று எண்ணாதே. என்னை நம்பி எதையும் பெருக்காதே. அவசரப்படாதே.

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண் கூசுவதால் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிந்தது. அவள் கணக்கு வேறாக இருக்கிறது. நான் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு காய் ஆய்ந்த ராத்திரிகளைச் சேர்க்கவில்லையாம். 22 இல்லை, 26 நாள் என்கிறாள். திருத்திக்கொள்: 7,800. காணிக்கு மீதி 1,800, ஏக்கருக்கு 1,364.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய். கண்ணுக்கு எந்தத் தேதி என்று நீயே சொல், வருகிறேன்.

அன்புடன்,
அப்பா