வானூர் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, பதில் எழுதத் தாமதம். இங்கே மஞ்சக்குப்பத்தில் எல்லாரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் கீழே எந்தச் சாமானும் வைக்க முடியவில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். எஃப்டியை உடைத்து வானூர் பக்கம் 22 லட்சத்துக்கு இன்னொரு மனை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். என் நெல்லிக்குப்பம் ரோடு மனையின் கதையை முழுசாக உனக்குச் சொன்னதே இல்லை, அதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் என்றபோது 8 லட்சம் உடனே வேண்டியிருந்தது, கையில் மனைதான் இருந்தது. தரகர் 28 போகும் என்றார், நானும் அப்படித்தான் பல வருஷமாக மனக்கணக்கு வைத்திருந்தேன். விற்க இறங்கியது கார்த்திகை மாதம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, 2015 வெள்ளத்தில் இங்கே எவ்வளவு ஏறியது என்றுதான் முதலில் கேட்டார்கள். தை பிறந்து ஒருத்தர் 22க்கு ஒத்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு விற்றவருக்கு அது அப்பா வழிச் சொத்து, அவருடைய தங்கை என் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லையாம். வில்லங்கச் சான்றில் இது தெரியாது, ஏனென்றால் அதில் பதிவானது மட்டும்தான் வரும், விட்டுப்போன வாரிசு வரமாட்டார். சிதம்பரத்தில் அந்தம்மாவைத் தேடிப் பிடித்து, 1 லட்சம் கொடுத்து, விடுதலைப் பத்திரம் வாங்கிப் பணம் கைக்கு வந்தபோது ஏழு மாதம் ஓடியிருந்தது. அதுவரை ஆபரேஷனுக்குக் கடனாக வாங்கிய 8 லட்சத்துக்கு ஒன்றரை வட்டி, மாதம் 12,000, ஆக மொத்தம் 84,000. தரகும் போக நிகரமாக 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நான் நினைத்திருந்த 28இல் இது ஏறக்குறைய எழுபது சதவீதம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், உன் முதல் மனையை 35 லட்சம் என்று எழுதியிருக்கிறாயே, அதை 25 என்று போட்டுக்கொள். அவசரத்தில் விற்றால் வருவதுதான் அதன் விலை.

இப்போது உன் கணக்கு. குடியிருக்கும் வீட்டை விட்டுவிடு. மாதச் செலவு 50,000, மாடி வாடகை 15,000, ஆக வருஷத்துக்கு 4.2 லட்சம் குறைகிறது, ஐந்து வருஷத்துக்கு 21. சின்னவள் கல்யாணத்துக்கு 12 என்று வைத்தால் 33. இது கேட்ட நாளில் கிடைக்க வேண்டிய பணம். உன்னிடம் எஃப்டி 30, அடுத்த ஏப்ரலில் முடிகிற பிபிஎஃப் 9, மொத்தம் 39. பிபிஎஃப் பதினைந்து வருஷப் பூட்டுதான், ஆனால் திறக்கும் தேதி தெரிந்த பூட்டு, அதனால் அதைக் கைப்பணத்தோடு சேர்க்கிறேன். மனைக்கு அந்தத் தேதியே கிடையாது. ஆக, நீ மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பணம் 6 லட்சம்தான். வானூர் மனைக்கு முத்திரை 7, பதிவு 2, ஆக ஒன்பது சதவீதம் சேர்த்தால் 24 போய்விடும். அது அப்படியே கல்யாணப் பணத்தில் கை வைப்பது.

பங்குச் சந்தையில் இன்னும் பட்டியலிடாத கம்பெனிப் பங்கு 6 லட்சத்துக்கு இருக்கிறது என்கிறாய். உனக்கு விற்றவரிடமே போய், "இன்றைக்கு நீங்கள் என்ன விலைக்குத் திருப்பி வாங்குவீர்கள்?" என்று கேள், திரையில் காட்டும் விலையைக் கேட்காதே. 2025இல் எச்டிபி ஃபைனான்சியல் பங்கை வெளியே 1,200க்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள், ஐபிஓ வந்தபோது விலை 700 முதல் 740 வரைதான். பட்டியலில் ஏறிய பிறகும் முன்பே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் பூட்டு, உடனே ஓடவும் முடியாது.

இப்படி உடனே விற்க முடியாத சொத்தில் மொத்தப் பணத்தில் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டாய். சம்பளம் வருகிற முப்பத்தைந்து வயதுக்காரன் பாதி வரை வைக்கட்டும், மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். நம் வயதில் மூன்றில் ஒன்று போதும் என்பது என் கணக்கு. பழைய மனையை 25 என்று வைத்தாலே நீ ஏற்கெனவே 70இல் 31 மாட்டி வைத்திருக்கிறாய், மூன்றில் ஒன்றுக்கு மேல்! வானூர் மேல் அவ்வளவு ஆசை என்றால் பழைய மனையை முதலில் விற்றுவிட்டு அதை வாங்கு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையே? ஞாயிற்றுக்கிழமை நான் லாஸ்பேட்டை வருகிறேன். மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாவற்றின் நகலையும் வாங்கி வை. விற்பவருக்கு அக்கா தங்கை எத்தனை பேர் என்று அந்த ஊர் டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரித்து வைத்தால் இன்னும் நல்லது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல், மீன் குழம்பு வைக்கச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்