உறவைச் சொன்ன வரிக்கு மட்டும் இடம் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய மரச்செக்கு ஒன்றைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். நன்றி. அதன் முதல் பாராவையும் கடைசிக்கு முந்தின பாராவையும் எடுத்துவிட்டு வெளியிட்டிருந்தீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை.

முதல் பாராவில் இருந்தது இவ்வளவுதான்: 'இந்தச் செக்கை நடத்துபவர் என் தங்கை மகன். செக்கு வாங்கும்போது நானும் ஒரு லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன், அது இன்னும் திரும்பவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.' ஏன் எடுத்தீர்கள் என்று போன் செய்து கேட்டேன். "சொந்த விஷயம் சார், வாசகருக்கு எதுக்கு? இடமும் பத்தலை" என்றார் உங்கள் உதவி ஆசிரியர். வாசகருக்குத்தான் ஐயா அது. கடைக்காரன் என் தங்கை மகன் என்பது எனக்கும் என் தங்கைக்கும் ஏற்கெனவே தெரியும்.

அந்த மூன்று வாக்கியங்களில் கடனைப் பற்றியதுதான் முக்கியமானது. உறவுக்காரன் கடை என்று தெரிந்தால், பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பான் என்று வாசகர் தானாகக் கழித்துக்கொள்வார். கடை ஓடினால்தான் என் பணம் வரும் என்பதை அவரால் எப்படி ஊகிக்க முடியும்? நான் சொன்னால்தான் உண்டு. நான் சொன்னேன். நீங்கள் வெட்டினீர்கள்.

நான் பாராட்டியது விலைக் கணக்கை. நல்ல கடலைப் பருப்பு ஏறக்குறைய இரண்டரை கிலோ ஆட்டினால்தான் செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் வரும். பருப்பு கிலோ 130 ரூபாய்க்கு வாங்கினால், பருப்புக்கே 325 ரூபாய் ஆகிவிடுகிறது. பிண்ணாக்கு விற்ற காசு கரண்டு, கூலி, பாட்டில் என்று போய்விடும். அப்படியிருக்க, 'சுத்தமான செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 240' என்று பலகை வைப்பவர் ஒன்று தருமம் செய்கிறார், இல்லை வேறு எதையோ கலக்கிறார். தங்கை மகனின் விலை இந்தக் கணக்குக்கு ஒத்து வருகிறது என்று எழுதினேன். பருப்பு வாங்கிய பில்லைப் பார்த்துத்தான் எழுதினேன். அந்த பில்லை அவன் எனக்குக் காட்டியதே நான் மாமன் என்பதால்தான். வேறு எவன் போய்க் கேட்டாலும் கல்லாவை மூடிவிட்டு வாசலைக் காட்டியிருப்பான். ஆக, அந்த உறவால்தான் எனக்கு உள்விஷயம் தெரிந்தது, அதே உறவால்தான் என் பேச்சைச் சந்தேகிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த முதல் பாரா. நீங்கள் போட்டிருப்பதைப் படிப்பவருக்கு, பில்லைப் பார்த்தேன் என்று இவன் எப்படிச் சொல்கிறான் என்றே விளங்காது.

இனி அந்த இன்னொரு பாரா. மாமா என்று எனக்கு அவன் கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய் பாட்டில், அடி வரை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மாமனுக்கு வருவதை வைத்து ஊருக்கு விற்பதைச் சொல்லலாமா? அவனுக்கு முகம் தெரியாத ஒரு டீச்சரிடம் காசு கொடுத்து, அதே எண்ணெயில் ஒரு பாட்டில் வாங்கிவரச் சொன்னேன். இரண்டையும் ஜன்னல் திண்டில் இரவு முழுக்க அசைக்காமல் வைத்தேன். காலையில் பார்த்தால் டீச்சர் வாங்கிய பாட்டிலின் அடியில் விரல் கனத்துக்குக் கசடு.

செக்கிலிருந்து இறங்கும் எண்ணெயில் கசடு இருக்கத்தான் செய்யும், அது குற்றமில்லை. இரண்டு மூன்று நாள் பாத்திரத்தில் தெளியவிட்டு, வெயில் காட்டி, மேலாக இறுத்து எடுக்க வேண்டும். கூட்டம் அதிகமானால் இவன் மறுநாளே பாட்டிலில் அடைத்துவிடுகிறான். கசடோடு ஈரமும் போகிறது. வெயில் காலத்தில் தெரியாது. எங்கள் ஊரில் மழை பிடித்துக்கொண்டால் அந்த எண்ணெய் சீக்கிரமே காறிப்போகும். இதைத்தான் எழுதியிருந்தேன், வாங்குபவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்து. இந்தப் பாராவையும் இடப் பற்றாக்குறை கொண்டுபோனது. விலையைப் புகழ்ந்த இடத்தில் மட்டும் எப்படியோ இடம் இருந்திருக்கிறது.

விளைவைக் கேளுங்கள். டீக்கடையில், "மாமன் எழுதினா மருமகன் எண்ணெய் மணக்காமலா இருக்கும்?" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். வேலந்தாவளம் ரோட்டில் பழைய செக்கு வைத்திருப்பவரிடம் எங்கள் வீட்டுக்குக் காலம் காலமாக எண்ணெய் வாங்கியிருக்கிறோம். அவர் கோபப்படக்கூட இல்லை. "சொந்தக்காரன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமேங்க" என்றார். போட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? தங்கை மகனோ உங்கள் பக்கத்தை லேமினேஷன் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறான். "கசடு விஷயத்த எழுதாம விட்டீங்களே மாமா, பெரிய உதவி" என்கிறான். எண்ணெய் இன்னும் மறுநாளேதான் பாட்டிலுக்குப் போகிறது.

உங்களுக்குத் தெரியாத சட்டமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே படிப்பவர் எதிர்பார்க்காத தொடர்பு இருந்து, அது அந்தப் பேச்சின் நம்பகத்தைப் பாதிக்குமானால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. 2023 ஜனவரியில் சமூக ஊடகங்களில் பொருளைப் பரிந்துரைப்பவர்களுக்கு வந்த கையேடு, பணமும் இலவசப் பொருளும் மட்டுமல்ல, குடும்ப உறவும் அந்தத் தொடர்பில் சேரும் என்கிறது. கண்ணில் படுகிற இடத்தில், பேசுகிற அதே மொழியில் சொல்லவும் சொல்கிறது. நாங்கள் விளம்பரம் செய்யவில்லை, கட்டுரைதான் போடுகிறோம் என்பீர்கள். சரி. போனில் வீடியோ போடுகிற பையனுக்கு இருக்கிற கட்டுப்பாடு, இத்தனை வருட இதழுக்கு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம்.

சொல்ல ஆரம்பித்தால் இது முதல் தடவையும் இல்லை. எல்லையில் ஒரு ஓட்டலின் தோசையை அரைப் பக்கம் புகழ்ந்தீர்கள். பக்கத்தைத் திருப்பினால் அதே ஓட்டலின் விளம்பரம், தோசையைவிடப் பெரிதாக. எழுதியவர் காசு கொடுத்துச் சாப்பிட்டாரா என்று நான் அனுப்பிய கடிதம் இதழில் வரவே இல்லை. அதற்கு முன்பு எங்கள் சித்தூர் தாலுகாவைப் பற்றி எழுதியபோது 'ஆந்திர மாநிலம் சித்தூர்' என்று திருத்திப் போட்டீர்கள். பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர் இருப்பதும், அங்கே தமிழ் படிக்கிறவர்கள் காசு கொடுத்து இதழ் வாங்குவதும் சந்தா அனுப்பச் சொல்லும்போது மட்டும் உங்கள் அலுவலகத்துக்கு நினைவு வருகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மூன்று வாக்கியங்களையும் கசடு பற்றிய பாராவையும் அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். 'திருத்தம்' என்று பொடி எழுத்தில் ராசிபலனுக்குக் கீழே வேண்டாம். இனிமேல் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்களிடம் உறவு உண்டா, பணம் போட்டிருக்கிறாரா, பொருளைக் காசு கொடுத்து வாங்கினாரா என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைக் கட்டுரையின் தலையிலேயே போடுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்க வேண்டியிருந்தால் தோசைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செக்குக்காரரின் தாய்மாமன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்.