செயற்றிட்ட அறிக்கையின் முன்பக்கங்கள்: வன்னியின் தொழில்நுட்பக் கல்லூரி மேற்பார்வையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

கிளிநொச்சியில் தட்டச்சும் பைண்டிங்கும் செய்யும் சிறு கடையொன்றை நடத்துகிறேன். டிப்ளோமா மாணவர்களின் செயற்றிட்ட அறிக்கைகள் பல என் கைப்பட ஒழுங்காகியிருப்பதால், இதனைத் தங்களிடம் கேட்கத் துணிகிறேன்.

அறிமுகத்தில் தொடங்கி முடிவுரை வரையான அத்தியாயங்களின் வரிசையில் பிள்ளைகள் அரிதாகவே தவறுகிறார்கள். அவர்கள் இடறுவது அதற்கு முன்னுள்ள பக்கங்களில்தான்: தலைப்புப் பக்கம், சான்றுரை, உறுதிமொழி, நன்றியுரை, சுருக்கம், உள்ளடக்கம்.

சென்ற முறை ஒரு மாணவி, மிளகாய்த் தோட்டத்து மண்ணின் ஈரத்தை உணர்ந்து தானாக நீரிறைக்கும் மோட்டார் பற்றிய அறிக்கையைக் கொண்டுவந்தார். தலைப்புப் பக்கத்திலிருந்தே 1, 2, 3 என்று எண்ணிட்டு, உள்ளடக்கத்தையும் கையாலேயே தட்டச்சுச் செய்திருந்தார். கடைசி நேரத்தில் சுருக்கத்தைச் சேர்க்கச் சொன்னதும் ஒரு பக்கம் கூடியது. உள்ளடக்கம் மட்டும் பழையபடியே நின்றது. மூன்றாம் அத்தியாயம் 19ஆம் பக்கம் என்றிருந்த இடத்தைப் பரீட்சகர் புரட்டியபோது, அங்கே இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் இருந்தது. தடித்த அட்டையிட்ட மூன்று பிரதிகளையும் பிரித்து மீண்டும் அச்சிட்டோம். அப்போதுதான், ஏற்கெனவே ஒப்பமிடப்பட்ட சான்றுரையில் முன்மொழிவுக் காலத்துப் பழைய தலைப்பே இருப்பதையும் கண்டோம்.

முன்பக்கங்களுக்கு i, ii, iii என்ற எண்களும் (தலைப்புப் பக்கம் i ஆகக் கணக்கிடப்படும், ஆனால் எண் அச்சிடப்படாது), அறிமுகத்திலிருந்து 1, 2, 3 என்ற எண்களும் வந்தால், முன்னே எத்தனை பக்கம் கூடினாலும் அத்தியாயங்களின் பக்க எண்கள் அசையா. இதற்கு Word மென்பொருளில் அறிமுகத்துக்கு முன் `Next Page` பிரிவு முறிவை இட்டு, அறிமுகப் பக்கத்தின் அடிக்குறிப்பில் `Link to Previous` என்பதை முதலில் நிறுத்திவிட்டு, அதன் பின்னரே `Format Page Numbers` என்பதில் முன்பக்கங்களின் பிரிவுக்கு `Number format` ஆக i, ii, iii என்பதையும், அறிமுகத்தின் பிரிவுக்கு 1, 2, 3 என்பதையும் தெரிந்து, அறிமுகத்துக்கு `Start at` என்ற இடத்தில் 1 கொடுக்க வேண்டும். அதை நிறுத்த மறந்தால், ஒரு பகுதியின் அடிக்குறிப்பில் எண்ணை அழிக்கும்போது மற்றதிலும் அழிந்துவிடும். அத்தியாயத் தலைப்புகளுக்கு `Heading 1` கொடுத்திருந்தால், உள்ளடக்கத்தையும் மென்பொருளே தயாரிக்கும். அச்சிடுமுன் `Update entire table` கொடுப்பதே மீதி வேலை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். உறுதிமொழி சான்றுரைக்கு முன்னா பின்னா என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு உண்டு. தங்கள் துறையின் வரிசையை ஒரே தாளில் எழுதி, செயற்றிட்டம் தொடங்கும் நாளிலேயே மாணவர்களிடம் கொடுங்கள். சான்றுரையில் ஒப்பமிடுவதை இறுதிப் பிரதி வரும்வரை தள்ளிவைத்து, அட்டை, தலைப்புப் பக்கம், சான்றுரை மூன்றிலும் தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்னர் ஒப்பமிடுங்கள்.

பணிவன்புடன்,
கிளிநொச்சி பைண்டிங் கடைக்காரி